மாட்டை நாய் கடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருந்தகத்தில் வேலை பார்ப்பவனிடம் பால்காரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

மாட்டை நாய் கடிச்சா மாட்டுக்கும் வெறி பிடிக்குமா? அது நாய்க்கு வர்ற நோய்தானே?

பிடிக்கும். ரத்தம் சூடாக உள்ள, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் எந்த உயிருக்கும் ரேபிஸ் வரும். நம் பக்கத்தில் பெரும்பாலும் நாய் மூலமாக வருகிறது. காட்டை ஒட்டிய ஊர்களில் குள்ளநரி, கீரி கடித்தும் வருவதுண்டு.

கிருமி இருப்பது கடித்த பிராணியின் எச்சிலில். காயத்தின் வழியாக உள்ளே போய், நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறுகிறது. மூளையை எட்டிய பிறகு அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்குகிறது. காயம் ஆறி, ரோமம் முளைத்து, கடித்ததையே வீட்டில் மறந்துபோன பிறகு மாடு நோயில் விழுவது இதனால்தான். மூளைக்கு ஏறிவிட்டால் மருந்து கிடையாது. ஏறுவதற்கு முன்னால் உள்ள நாட்கள்தான் நம் கையில் இருப்பவை.

நாய் கடிச்சதை நேர்ல பார்த்தேன். முதல்ல என்ன பண்ணணும்?

தண்ணீரும் சோப்பும். துணி சோப்பு போதும். குழாயிலிருந்தோ குடத்திலிருந்தோ தண்ணீரை ஊற்றிக்கொண்டே கால் மணி நேரம் விடாமல் கழுவுங்கள். கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு பட்டால் கரைந்துவிடும். கழுவி முடித்ததும் போவிடோன் அயோடின் ஊற்றலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மாட்டுச் சாணம், பச்சிலை அரைப்பு எதுவும் வேண்டாம். அவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழி திறந்துவிடும். தையலும் போடக்கூடாது.

கழுவுகிறவர் கையில் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். உறை இல்லாவிட்டால் கிழியாத பாலித்தீன் பையைக் கையில் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். காயத்தில் இருப்பது நாயின் எச்சில், உங்கள் விரலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் அது உங்களுக்கும் ஆபத்து.

பார்த்த காயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நாயைக் கண்டால் மாடு தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கும். ஆகவே மூக்கு, உதடு, காது எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். பின்னங்கால் குதிகால், மடி, வால் அடி ஆகியவற்றையும் பாருங்கள். ரோமத்துக்குள் இரண்டு பல் பதிந்த புள்ளி மட்டும்தான் இருக்கும், ரத்தம் வந்திருக்காது.

மாட்டுக்கு எத்தனை ஊசி? எங்கே போடுவாங்க?

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள். மாட்டை நடத்திக்கொண்டு போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்துக்கொண்டு, 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஐந்து ஊசி. ஒவ்வொரு முறையும் 1 மில்லி. கன்றுக்கும் பெரிய மாட்டுக்கும் அளவு ஒன்றுதான். கடித்த அன்றே தொடங்குவது நல்லது. 3 நாள் தள்ளிப் போனாலும் போடாமல் விட வேண்டாம்.

மருந்தகத்தில் இருப்பு இல்லை என்று கடையில் வாங்கி வரச் சொன்னால், ஐஸ் கட்டி போட்ட பையில் வாங்கி வாருங்கள். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. சட்டைப் பையில் போட்டு வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அப்படி வந்த மருந்தைக் குத்தினாலும் ஒன்றுதான், குத்தாவிட்டாலும் ஒன்றுதான்.

மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடும் வழக்கமும் இருக்கிறது. மாடு நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். அந்த நாட்களில் எந்த மாடும் நன்றாகத்தான் இருக்கும்.

சினை மாடு சார், ஊசி போட்டா கன்னு கலைஞ்சிடாதா?

கலையாது. கொல்லப்பட்ட கிருமியில் செய்த மருந்து இது. சினையைக் காரணம் காட்டித் தள்ளிப் போடாதீர்கள்.

அஞ்சு ஊசியும் போட்டாச்சு. இனிமே வராதுன்னு நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், முழுசாக நம்பக்கூடாது. ஊசி போட்ட பிறகு உடம்பில் எதிர்ப்பு உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். மனிதனுக்கு ஆழமான கடியென்றால் அந்த இடைவெளியை அடைக்க, தயாராக உள்ள எதிர்ப்புப் புரதத்தைக் காயத்துக்குள்ளேயே ஊசியாகப் போடுகிறார்கள். மாட்டுக்கு அதை யாரும் போடுவதில்லை. மூக்கிலும் முகத்திலும் கடித்திருந்தால் கிருமி மூளைக்குப் போகும் தூரமும் குறைவு. ஊசி முந்துமா கிருமி முந்துமா என்ற ஓட்டத்தில் சில சமயம் கிருமி முந்திவிடும்.

ஆகவே ஊசி போட்ட மாட்டையும் 6 மாதம் கவனத்தில் வைத்திருங்கள். அதுவரை விற்கவோ சந்தைக்கு ஓட்டவோ வேண்டாம். தீவனம் போடுகிறவர், கறக்கிறவர் என்று ஒருவரோ இருவரோ மட்டும் அதை நெருங்கட்டும்.

கடிச்சு எத்தனை நாள்ல தெரியும்?

பெரும்பாலும் 2 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள். சில மாடுகளில் அதற்கு மேலும் இழுக்கும். கடித்த இடம் மூளைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சீக்கிரம். மேலே சொன்ன 6 மாதக் கணக்கு இதை வைத்துத்தான்.

வெறி பிடிச்ச மாடு எப்படி இருக்கும்? நாய் மாதிரி கடிக்க வருமா?

சில மாடு வரும். கண்ணை உருட்டும், கட்டுத்தறியை முட்டும், சுவரில் கொம்பை உடைத்துக்கொள்ளும், நாயைக் கண்டால் கயிற்றை அறுத்துக்கொண்டு பாயும். இதை யாரும் தவறவிட மாட்டார்கள். தவறவிடுவது மற்ற வகையை. அந்த மாடு சாதுவாக நிற்கும். ஆள் முகத்தைப் பார்க்காமல் எங்கோ வெறிக்கும், காதுகள் மட்டும் சின்னச் சத்தத்துக்கும் திரும்பும்.

முதல் நாள் தீவனம் பாதி மிஞ்சும், பால் திடீரெனக் குறையும், அசை போடுவது நின்றுவிடும். அடுத்த நாள் குரல் மாறும். இதை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்: கன்றைக் கூப்பிடும் குரலும் இல்லை, பசிக் குரலும் இல்லை. தொண்டை கட்டினது போலக் கரகரத்து, நீளமாக, கடைசியில் உடைந்துபோகும் கத்தல், அதுவும் ஓயாமல். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாகத் தொங்கும். தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கும், விழுங்க முடியாது. தண்ணீரைக் கண்டு மாடு பயப்படும் என்று காத்திருக்காதீர்கள், மாடு அப்படிச் செய்வதில்லை.

கடித்த காலை நக்கிக்கொண்டோ தூணில் தேய்த்துக்கொண்டோ இருக்கும். சாணி போட முக்கிக்கொண்டே நிற்கும், ஒன்றும் வராது. அடிக்கடி சிறுநீர் சொட்டும். வால் துவண்டு தொங்கும். பின்னங்கால் தள்ளாடும், குளம்பு மடிந்து மடிந்து விழும். பிறகு படுத்துவிடும். அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் செத்துப்போகும். 10 நாளைத் தாண்டி மாடு தேறி வருகிறது என்றால் அது வேறு நோய்.

எச்சில் ஒழுகுது, முழுங்க முடியல. மாங்கொட்டை கிட்டை சிக்கியிருக்கும் போல. கையை விட்டுப் பார்க்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கூடாது.

மாட்டு ரேபிஸில் வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்வது கடியால் அல்ல, இந்தக் கையால்தான். தொண்டைத் தசை செயலிழந்துவிடுவதால் எச்சில் வெளியே வழிகிறது, உள்ளே எதுவும் சிக்கியிருப்பதில்லை. கையை விட்டால் முழங்கை வரை கிருமி உள்ள எச்சில். கடைவாய்ப் பல்லில் விரல் சிராய்க்கும். மருத்துவர்களே இப்படி ஏமாந்திருக்கிறார்கள். மூங்கில் குழலில் கஷாயம் புகட்டுவதும் இதே கதைதான். மாடு செருமும்போது எச்சில் புகட்டுகிறவர் முகத்தில் தெறிக்கும்.

எச்சில் ஒழுகும் மாட்டின் வாயை, காரணம் தெரியும்வரை, உறை போட்ட மருத்துவரைத் தவிர யாரும் தொட வேண்டாம். நாய் கடித்ததாக உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அப்படித்தான். இரவில் தொழுவத்துக்குள் வந்து போன நாயை யார் பார்த்தார்கள்?

கோமாரியிலயும் எச்சில் ஒழுகுமே? சினைப்பருவத்துலயும் கத்துமே? எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

கோமாரியில் காய்ச்சல் இருக்கும். நாக்கிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளம் இருக்கும், மாடு நொண்டும். பக்கத்து வீட்டு மாட்டுக்கும் வந்திருக்கும். ரேபிஸில் கொப்புளம் கிடையாது. அதற்காக நீங்களே நாக்கை இழுத்துப் பார்க்கக் கூடாது, முந்தின பதிலை நினைவில் வையுங்கள்.

பருவக் கத்தல் ஒரு நாளில் அடங்கும். கண்ணாடி போல வழும்பு தொங்கும், தீவனத்தை அடியோடு விடாது. ரேபிஸ் மாடும் மற்ற மாட்டின் மேல் தாவுவதுண்டு. அதனால் செயற்கைக் கருவூட்டலுக்கு ஆள் வரவழைத்துவிடுகிறார்கள். கத்தல் இரண்டாம் நாளும் தொடர்ந்து, எச்சிலும் சேர்ந்தால் அது பருவம் அல்ல.

ஆட்டுக்கும் இதே மாதிரியா?

பெரும்பாலும். வெள்ளாடு இடைவிடாமல் கத்தும், முட்ட வரும். செம்மறி ஆட்டில் கத்தல் குறைவு. தன் ரோமத்தையே பிய்க்கும், தனியே ஒதுங்கி நடுங்கும். பட்டிக்குள் நாய் புகுந்திருந்தால் கடி தெரிகிற ஆடு மட்டுமல்ல, எல்லா ஆட்டையும் பிடித்துப் பாருங்கள்.

மாட்டுக்கு வெறின்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுல யார் யாருக்கு ஊசி போடணும்? எல்லாருக்குமா?

எல்லாருக்கும் வேண்டாம். கேட்க வேண்டியது ஒன்றே: மாட்டின் எச்சில் இவர் உடம்பில் தோல் கிழிந்த இடத்திலோ, கண், மூக்கு, வாயிலோ பட்டதா? ஒரு வீட்டைக் கொண்டே சொல்கிறேன். கலப்பினக் கறவை, பின்னங்காலில் நாய் கடித்து மஞ்சள் பூசி விட்டிருந்தார்கள். ஊசி இல்லை. ஐந்தாவது வாரம் எச்சில், கத்தல்.

வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விட்டுத் தேடியிருந்தார். கதிர் அறுத்த வெட்டு விரலில் இன்னும் ஆறவில்லை. இது மூன்றாம் வகை, அதாவது கடுமையான தொடர்பு: கையைச் சோப்பு போட்டுக் கழுவி, தடுப்பூசியோடு எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். அவர் தம்பி தலையைப் பிடித்திருந்தபோது எச்சில் கண்ணில் தெறித்தது. காயம் இல்லாவிட்டாலும் அவரும் அதே வகைதான். மூத்த மகனுக்குக் கொம்புக் கயிறு உரசி ரத்தம் வராத சிராய்ப்பு, கயிறு முழுக்க எச்சில் ஈரம். அவருக்குத் தடுப்பூசி போதும் என்று மருத்துவர் முடிவு செய்தார்.

வீட்டுக்கார அம்மா காலையும் மாலையும் கறந்தவர். கையில் புண் இல்லை, வாய்ப்பக்கம் போகவில்லை. அவருக்குத் தேவையில்லை. பள்ளிக்கூடப் பையன் நெற்றியைத் தடவிக் கொடுத்தான். தோல் முழுசாக இருந்ததால் அவனுக்கும் தேவையில்லை. சாணி அள்ளிய பாட்டிக்கும் இல்லை, சாணியிலும் கோமியத்திலும் இந்தக் கிருமி பரவுவதில்லை. கொஞ்சம் யோசிக்க வைத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். தினமும் கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிக்கிறவர். அவருக்கான பதில் கீழே.

அந்த மாட்டுப் பால் குடிச்சிட்டோமே! குழந்தைக்கும் குடுத்துட்டோம்!

காய்ச்சிய பால் என்றால் பயமே வேண்டாம், ஊசியும் வேண்டாம். பொங்கக் காய்ச்சினால் கிருமி செத்துவிடும். நாய்க்கடி பட்ட மாடு நோயில்லாமல் கண்காணிப்பில் இருக்கும் நாட்களிலும் காய்ச்சிக் குடிக்கலாம்.

பச்சைப் பாலில் ஆபத்து மிகக் குறைவு, ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1996-லும் 1998-லும் இரண்டு பண்ணைகளில் ரேபிஸ் மாட்டின் காய்ச்சாத பாலைக் குடித்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அறிகுறி வந்த நாட்களிலோ அதற்கு முந்தின சில நாட்களிலோ பச்சைப் பால் குடித்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் சொல்லட்டும், மருத்துவர் முடிவெடுப்பார். அறிகுறி தெரிந்ததும் கறப்பதையே நிறுத்துங்கள். பால் சங்கத்தில் ஊற்றாதீர்கள்.

அந்தப் பால்ல உறை ஊத்தின தயிர், உருக்கின நெய்?

காய்ச்சிய பாலிலிருந்து வந்தவைதானே, பயமில்லை.

தாய் மாடு கன்னை நக்கிக்கிட்டே இருந்துச்சே?

பாலைவிட அந்த நக்கல்தான் கவலை. கன்றை உடனே பிரித்து, கடிபட்ட மாட்டுக்குச் சொன்ன அதே ஐந்து ஊசியைத் தொடங்குங்கள். ஒரே நாய் இரண்டையும் கடித்திருக்கவும் கூடும்.

ஆஸ்பத்திரியில எத்தனை ஊசி? தொப்புளைச் சுத்தியா?

அந்தக் காலம் போய்விட்டது. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறை: 0, 3, 7, 28 நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு தோளிலும், தோளுக்கு ஒரு சின்னக் குத்து. தசையில் போடுவதானால் 0, 3, 7, 14, 28. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் போட்டுக்கொள்ளலாம், பத்தியம் ஒன்றும் இல்லை. எதிர்ப்புப் புரத ஊசி முதல் நாளே போட வேண்டியது. அன்று கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள். சிறிய நிலையத்தில் இல்லையென்றால் பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள்.

போனதும் “நாய் கடிக்கலை, மாட்டு எச்சில் பட்டது” என்று மட்டும் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கால்நடை மருத்துவரிடம் ரேபிஸ் சந்தேகம் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

நாயைப் பத்து நாள் பார்க்கச் சொல்றாங்களே, மாட்டையும் அப்படிப் பார்த்துட்டு ஊசி போட்டா என்ன?

பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். மாட்டுக்குப் பொருந்தாது. நாய்க்கடியிலும்கூட ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைப் பார்க்க வேண்டும். கடித்த நாய் தெரிந்த நாயாக இருந்து பத்து நாள் கழித்தும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள், மாடும் தப்பித்தது. மீதி ஊசியைப் பற்றி மருத்துவர் சொல்வார். நாயை அடித்துக் கொன்றுவிட்டால் இந்த ஒரே தடயமும் போய்விடும்.

மாடு செத்து மூணு வாரம் ஆச்சு. அப்போ கையை விட்டவருக்கு இன்னும் ஊசி போடலை. இப்போ போட்டுப் பிரயோசனம் உண்டா?

உண்டு. இன்றைக்கே போங்கள். அறிகுறி வராதவரை காலம் கடந்துவிட்டது என்பது இந்த நோயில் கிடையாது. மூன்றாம் வகை என்றால் எதிர்ப்புப் புரதமும் முதல் தடுப்பூசியோடு சேர்த்தே. மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். கிருமி மெதுவாக நடக்கும் என்று முதல் பதிலில் சொன்னது மனிதனுக்கும்தான்.

செத்த மாட்டை என்ன பண்றது? தோலை உரிச்சுக்கலாமா?

உரிக்கவும் வேண்டாம், கறி போடவும் வேண்டாம். அறுக்கிறவர் கத்தி தலையிலும் தண்டுவடத்திலும் படும், கிருமி நிறைந்த இடம் அதுதான். கிணறு, வாய்க்கால் பக்கம் இல்லாத இடத்தில் ஆறடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய் தோண்டாத ஆழம் முக்கியம்.

புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். நோய் உறுதியாக வேண்டுமென்றால் மூளையிலிருந்து சிறு துண்டு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், மாடு உயிரோடு இருக்கும்போது நம்பகமாகச் சொல்லும் எளிய பரிசோதனை இல்லை. முடிவு வரும்வரை வீட்டாரின் ஊசி நிற்கக்கூடாது. காப்பீடு இருந்தால் காது வில்லையோடு மருத்துவர் பார்த்த பிறகே புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் வராது.

கயிற்றை எரித்துவிடுங்கள். தொட்டியையும் தரையையும் சோப்புத் தண்ணீரால் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுங்கள். வெயிலில் காய்ந்தால் கிருமி சீக்கிரம் சாகும். தொழுவத்தை இடிக்கத் தேவையில்லை.

எங்க ஊர்ல நாய் தொல்லை ஓயாது. கடிக்கிறதுக்கு முன்னாடியே மாட்டுக்குப் போட்டு வைக்கலாமா?

போடலாம். 3 மாதக் கன்றிலிருந்து ஒரு ஊசி, பிறகு வருடம் ஒன்று. முன்பே போட்ட மாட்டை நாய் கடித்தாலும் மருந்தகத்துக்கு வர வேண்டும், ஊசி எண்ணிக்கை குறையலாம், அவ்வளவுதான்.

போன வருஷம் எல்லா ஊசியும் போட்டுக்கிட்டேன். இப்போ மறுபடியும் இன்னொரு மாட்டு எச்சில் பட்டுடுச்சு. மொத்தமும் திரும்பப் போடணுமா?

வேண்டாம். முழு ஊசியும் போட்ட சீட்டு கையில் இருந்தால் 0, 3 நாட்களில் இரண்டே முறை, எதிர்ப்புப் புரதம் தேவையில்லை. சீட்டைத் தொலைத்துவிட்டால் புதிதாகப் போடுகிறவராகத்தான் உங்களைக் கணக்கில் எடுப்பார்கள்.